ஒரே கடைக்கு இரண்டு ஆயுள்: சில்லறை விற்பனைத் தொடர் ஒன்றின் குத்தகைத் தணிக்கை

குத்தகைப் பதிவேட்டில் கடை எண் 17-இன் ஆயுள் 5 வருடம். நிலையான சொத்துப் பதிவேட்டைத் திறந்தால், அதே கடைக்குள் செய்த இன்டீரியர் வேலைக்கு 10 வருடத் தேய்மானம் போட்டிருந்தார்கள். மதிப்புக் குறைவுச் சோதனைக்கான எக்செல் கோப்பிலோ, அந்தக் கடை 2031 டிசம்பர் வரை பணம் சம்பாதித்துக்கொண்டே இருந்தது. மூன்று கோப்புகளையும் தயாரித்தது ஒரே நிதித்துறைதான். ஆனால் மூன்றையும் ஒருவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இந்தத் தணிக்கை முழுவதும் அந்த ஒரு முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தது. நிறுவனத்தின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், எண்களையும் எளிதாக்கியிருக்கிறேன். தொகைகள் எல்லாம் ஆயிரங்களில்.

நிறுவனத்துக்கு 140 கடைகள், எல்லாமே வாடகைக் கட்டடங்கள். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் குத்தகைக் கணக்கியல் தரம் ஐ.எஃப்.ஆர்.எஸ். 16-இன்படி, குத்தகைக்கு எடுத்தவர் வருங்கால வாடகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து குத்தகைப் பொறுப்பாகக் காட்ட வேண்டும். அதற்கு எதிராக, கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமை சொத்துப் பக்கம் ஏறும். நாங்கள் தணிக்கை செய்தது 2023 டிசம்பர் 31-இல் முடிந்த ஆண்டு. அன்றைக்கு நிறுவனத்தின் குத்தகைப் பொறுப்பு 3,10,000. வங்கிக் கடனைவிட அது பெரிய தொகை.

முதல் வாரம் எல்லோரும் செய்கிற வேலைதான். பதிவேட்டில் எல்லாக் குத்தகையும் இருக்கிறதா என்று பார்க்க, பதிவேட்டிலிருந்து தொடங்கினால் பயனில்லை; அதில் விட்டுப்போனது அதில் எப்படித் தெரியும்? வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து கட்டட உரிமையாளர்களுக்குப் போன பணம், வாடகைச் செலவுக் கணக்கில் இன்னும் விழுந்துகொண்டிருக்கும் தொகைகள், ஊழியர் பட்டியலில் உள்ள பணியிடங்கள் ஆகிய மூன்றையும் பதிவேட்டோடு பொருத்தினோம். இரண்டு கிடங்குகள் பதிவேட்டில் இல்லாமல் வாடகைச் செலவில் கிடந்தன. மூடிய கடை ஒன்று பதிவேட்டில் உயிரோடு இருந்தது. மூன்றுமே சிறிய தொகைகள், உடனே சரிசெய்துவிட்டார்கள். விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாடகை தரும் கடைகளில் அந்த மாறும் பகுதியைப் பொறுப்பில் சேர்க்காமல் நேரடியாகச் செலவில் எழுதியிருந்தார்கள். அது சரிதான்.

அப்புறம்தான் குத்தகைக் காலம் என்ற நிரலுக்கு வந்தோம்.

52-க்கு 52

140 ஒப்பந்தங்களில் 52-இல், முதல் காலம் முடிந்ததும் கடைக்காரர் விரும்பினால் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை இருந்தது. பெரும்பாலும் 5 வருடம், பிறகு இன்னொரு 5 வருடம். 52 வரிகளிலும் பதிவேட்டில் இருந்தது முதல் காலம் மட்டும்.

விதி சொல்வது இதுதான்: ரத்து செய்ய முடியாத காலத்தோடு, குத்தகைதாரர் நியாயமான உறுதியோடு பயன்படுத்துவார் என்று தெரிகிற புதுப்பிப்புக் காலத்தையும் சேர்க்க வேண்டும். அந்த உறுதியைக் கடைக்குக் கடை தனித்தனியாக எடைபோட வேண்டும். ஐம்பத்திரண்டு கடைகளை எடைபோட்டு ஐம்பத்திரண்டுக்கும் ஒரே விடை வந்தால், எடை போடவே இல்லை என்றுதான் நான் முதலில் நினைப்பேன். மென்பொருளில் முடிவுத் தேதி என்று ஒரு கட்டம் இருக்கும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உள்ள தேதியை யாரோ ஒருவர் அதில் அடித்துக்கொண்டே போயிருப்பார். இங்கே நடந்ததும் அதுதான்.

நிதித்துறைத் தலைவரின் பதில் தயாராக இருந்தது. "சில்லறை வியாபாரம் சார். அஞ்சு வருஷம் கழிச்சு அந்தத் தெருவுல கூட்டம் இருக்குமான்னு யாருக்குத் தெரியும்? உறுதின்னு எப்படிச் சொல்றது?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் கூட்டம் இருக்குமா என்று ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 கேட்கவில்லை. புதுப்பிக்காமல் விட்டால் இவருக்கு என்ன நஷ்டம், புதுப்பிக்க என்ன பொருளாதாரக் காரணம் என்றுதான் கேட்கிறது. காரணங்களின் பட்டியலில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கும் ஒன்று, கட்டடத்துக்குள் குத்தகைதாரர் செய்த பெரிய மேம்பாட்டு வேலை. 2019 நவம்பரில் ஐ.எஃப்.ஆர்.எஸ். விளக்கக் குழு இதையே தனியாக எடுத்துப் பேசியது. ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது, அந்த இடத்தைவிட்டுப் போவதால் வரும் பொருளாதார இழப்பு முழுவதையும் பார்க்க வேண்டும். பிரித்து எடுத்துப்போக முடியாத மேம்பாடுகளின் ஆயுள் குத்தகைக் காலத்தைவிட நீளமாக இருந்தால் இரண்டையும் மறுபடி யோசித்துப் பாருங்கள் என்றது.

கடை 17-இல் இன்டீரியர் வேலைக்கு 3,000 செலவாகியிருந்தது. பத்து வருடத் தேய்மானப்படி, ஐந்தாவது வருடக் கடைசியில் கணக்கில் 1,500 மிச்சம் இருக்கும். கடையைக் காலி செய்தால் அந்த 1,500 சுவரிலும் கூரையிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். நிறுவனத்தின் சொந்தக் கணக்கே, நாங்கள் பத்து வருடம் இருப்போம் என்று சொல்கிறது.

இதைச் சொன்னதும், அப்படியானால் இன்டீரியர் ஆயுளை 5 வருடமாகக் குறைத்துவிடுகிறோம் என்றார்கள். அதுவும் முரண்பாட்டைத் தீர்க்கும்தான். ஆனால் எந்தப் பக்கம் திருத்துவது என்பதை வசதி பார்த்து முடிவுசெய்ய முடியாது, ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் கிடைத்த இடம்

ஆதாரம் நிதித்துறையில் இல்லை. சொத்துப் பிரிவு மேலாளரிடம் இருந்தது. கடை பிடிப்பதும் வாடகை பேசுவதும் அவர் வேலை, கணக்கியல் விதியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அதனால்தான் அவரிடம் தனியாகப் பேசப் போனேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று: புதுக் கடைக்கு இயக்குநர் குழு அனுமதி கொடுக்கும்போது நீங்கள் என்ன தாள் வைப்பீர்கள்?

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடை 17-க்கான முதலீட்டு அனுமதித் தாள், 2021 அக்டோபர் தேதியிட்டது. மூன்றே பக்கம். இரண்டாம் பக்கத்தில், போட்ட பணம் திரும்பி வரும் காலம் ஆறரை வருடம் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில் பத்து வருட வருமான மதிப்பீடு.

ஐந்து வருடத்தில் காலி செய்யக்கூடும் என்று நினைக்கும் ஒருவர், ஆறரை வருடத்தில் திரும்பும் முதலீட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். "அஞ்சு வருஷத்துல எவன் சார் காலி பண்ணுவான், அப்பத்தானே கடையே நிக்க ஆரம்பிக்கும்" என்று மேலாளரும் சாதாரணமாகச் சொன்னார். வாய்வார்த்தை ஆதாரமாகாது, ஆனால் எந்தக் காகிதத்தைத் தேட வேண்டும் என்று அது காட்டிவிடும். முன்பு புதுப்பிப்புக்கு வந்த கடைகளில் என்ன செய்தார்கள் என்றும் எடுத்துப் பார்த்தோம். முந்தைய வருடங்களில் அந்தக் கட்டத்தை எட்டிய 40 கடைகளில் 35 புதுப்பிக்கப்பட்டிருந்தன.

நிதித்துறையிடம் இன்னொரு வாதமும் இருந்தது. ஆறாம் வருட வாடகை அன்றைய சந்தை விலைப்படி பேசித் தீர்மானிக்கப்படும், அது எவ்வளவு என்றே தெரியாதபோது எப்படிச் சேர்ப்பது? சந்தை வாடகையை ஒட்டி மாறும் தொகையை, குறியீட்டை ஒட்டி மாறும் வாடகையைப் போலவே விதி நடத்துகிறது. தொடக்க நாளில் இருந்த வாடகை அளவை வைத்தே பொறுப்பைக் கணக்கிட வேண்டும். பின்னால் மாறும்போது அப்போது திருத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த வாதத்தில் ஓர் உண்மை உண்டு. புதுப்பிப்பு வாடகை சந்தை விலைக்குக் கீழே இருந்தால், புதுப்பிக்க அதுவே தனிக் காரணமாக இருந்திருக்கும். இங்கே அந்தக் காரணம் இல்லை. அதனால் இன்டீரியரும் அனுமதித் தாளும்தான் பாரத்தைச் சுமக்க வேண்டியிருந்தது.

எல்லாக் கடைக்கும் இதே முடிவு வரவில்லை. வணிக வளாகத்துக்குள் இருக்கும் சிறு கடைகளில் இன்டீரியர் செலவு குறைவு, போட்ட பணம் இரண்டு வருடத்தில் திரும்பிவிடுகிறது, சாமான்களைக் கழற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். அப்படிப்பட்ட 21 கடைகளுக்கு 5 வருடம்தான் சரி என்று ஏற்றுக்கொண்டோம். மாதிரி எடுத்துப் பார்ப்பதை இந்தக் கட்டத்தில் கைவிட்டு 52 ஒப்பந்தங்களையும் படித்தோம். காலம் என்பது கடைக்குக் கடை மாறும் தீர்ப்பு. பத்தைப் பார்த்துவிட்டு மீதி நாற்பத்திரண்டைப் பற்றிப் பேச முடியாது.

கடை 17-இன் கணக்கு

வருட வாடகை 1,200, வருடக் கடைசியில் கட்டுவது. தொடக்கம் 2022 ஜனவரி 1. ஊக்கத் தொகை, முன்பணம், இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பதிவேடு 7% வட்டியில் 5 வருடம் என்று போட்டிருந்தது. நாங்கள் போட்டது 10 வருடம், 8%.

```
=PV(7%,5,-1200)    4920
=PV(8%,10,-1200)   8052
```

வட்டி ஏன் மாறியது? இங்கே பயன்படுத்துவது, குத்தகைதாரர் அதே காலத்துக்கு, அதே போன்ற ஈடு கொடுத்துக் கடன் வாங்கினால் எவ்வளவு வட்டி கட்டுவார் என்ற வீதம். ஐந்து வருடக் கடனும் பத்து வருடக் கடனும் ஒரே வட்டிக்குக் கிடைக்காது. நிறுவனம் 140 கடைகளுக்கும் 7% என்ற ஒரே எண்ணைப் போட்டிருந்தது. காலத்தை மட்டும் நீட்டி 7%-ஐ அப்படியே விட்டிருந்தால் 8,428 வந்திருக்கும். ஒரு தவற்றைத் திருத்தி இன்னொன்றைச் செய்திருப்போம்.

(ஒரு சின்ன எச்சரிக்கை: வாடகையை முன்கூட்டியே கட்டும் ஒப்பந்தங்களில் இந்தச் சூத்திரத்தில் -1200-க்குப் பின்னால் ,,1 என்று சேர்க்க வேண்டும். கட்டும் நாள் தொடக்கமா கடைசியா என்பதை மென்பொருள் தானாக முடிவுசெய்துகொள்ளும், யாரும் பார்ப்பதில்லை. இரண்டு ஒப்பந்தங்களைக் கையால் கணக்குப் போட்டாலே அது பிடிபடும்.)

இரண்டு வருடம் கழித்து, 2023 கடைசியில், பதிவேட்டுப்படி பொறுப்பு 3,149. பத்து வருடக் கணக்குப்படி 6,896. இருமடங்குக்கும் மேல். சொத்துப் பக்கம் 2,952 இருந்த இடத்தில் 6,442.

லாபத்தில் என்ன ஆனது என்று பார்த்தால்தான் இந்தத் தவறு ஏன் இவ்வளவு நாள் ஒளிந்திருந்தது என்று புரியும். ஐந்து வருடக் கணக்கில் இரண்டு வருடத் தேய்மானமும் வட்டியும் சேர்ந்து 2,597. பத்து வருடக் கணக்கில் 2,854. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து வித்தியாசம் 257 மட்டுமே. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தில் வித்தியாசமே கிடையாது, ஏனென்றால் இரண்டு செலவுகளும் அந்த லாபத்துக்குக் கீழேதான் வருகின்றன. வருட வருடச் செலவை ஒப்பிட்டுப் பார்க்கும் பகுப்பாய்வு சோதனைகள் இதைப் பிடிக்கவே பிடிக்காது. லாப நஷ்டக் கணக்கு அமைதியாக இருக்கும், இருப்புநிலைக் குறிப்பில் பாதிக் கடன் காணாமல் போயிருக்கும்.

இந்த நிறுவனத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. பல கடன் ஒப்பந்தங்களில், குத்தகையைப் பழைய விதிப்படியே கணக்கிடலாம் என்று ஒரு வரி இருக்கும். இவர்களுடைய வங்கி ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. குத்தகைப் பொறுப்பும் கடனாகவே எண்ணப்பட்டது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா முடிவுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது, அந்தப் பக்கம் யாருக்கு லாபம் என்று பார்த்து எழுதிவைக்கும்படி தணிக்கைத் தரம் ஐ.எஸ்.ஏ. 540 நம்மிடம் கேட்கிறது.

எந்தத் தேதியிலிருந்து திருத்துவது

காலத்தை நீட்ட ஒப்புக்கொண்டதும் அடுத்த பேச்சுவார்த்தை. இன்றைக்கு மறுமதிப்பீடு செய்ததாக வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் எட்டு வருட வாடகையை இன்றைய வட்டியான 9%-இல் கணக்கிட்டு முன்னோக்கிப் போகலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் பொறுப்பு 6,642. எங்கள் எண்ணைவிட 254 குறைவு. அதைவிட முக்கியம், போன வருடக் கணக்கைத் தொட வேண்டியதில்லை. பங்குதாரர்களிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

மறுமதிப்பீடு செய்ய, ஆண்டுக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டும். அதுவும் குத்தகைதாரரின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் முக்கியமான நிகழ்வாக இருக்க வேண்டும். 2023-இல் கடை 17-இல் எதுவும் நடக்கவில்லை. அனுமதித் தாளில் 2021 அக்டோபர் என்று இருக்கிறது. தொடக்க நாளிலேயே தெரிந்திருந்த தகவல், கையில் இருந்தும் பயன்படுத்தவில்லை. கணக்கியல் தரம் ஐ.ஏ.எஸ். 8-இன் மொழியில் இது முந்தைய காலத் தவறு. மதிப்பீட்டு மாற்றம் அல்ல. பின்னோக்கிப் போய் ஒப்பீட்டு எண்களையும் திருத்தத்தான் வேண்டும்.

மீதமிருந்த 31 கடைகளில் 24 கடைகள், கடை 17-ஐப் போன்றவை. இன்னும் 7 கடைகளில் கதை வேறு. தொடங்கும்போது சின்ன முதலீடுதான், 5 வருடம் என்று வைத்ததில் பிழை இல்லை. ஆனால் 2023 நடுவில் அந்த ஏழையும் உடைத்துப் பெரிதாக மறுபடி கட்டினார்கள். தொடக்கத்தில் எதிர்பார்க்காத பெரிய மேம்பாடு என்பது மறுமதிப்பீட்டைத் தூண்டும் நிகழ்வுக்கு விதியே தரும் உதாரணம். அவற்றுக்கு அந்த வேலை நடந்த தேதியில், அன்றைய வட்டியில் மறுமதிப்பீடு. போன வருட எண்களுக்கு அதில் வேலை இல்லை. எந்தக் கடை எந்தக் கூட்டத்தில் சேரும் என்பதில்தான் இரண்டு நாள் விவாதம் ஓடியது. வேலை தொடங்கிய தேதியை ஒப்பந்தக்காரரின் பில்லை வைத்து உறுதிசெய்தோம்.

மொத்தத்தில் 98,000 பொறுப்பில் ஏறியது.

மூன்றாவது கோப்பு

இனி அந்த மதிப்புக் குறைவுச் சோதனை. ஐ.ஏ.எஸ். 36-இன்படி ஒவ்வொரு கடையும் தனியாகப் பணம் ஈட்டும் அலகு. கடை 17-இன் பயன்பாட்டு மதிப்பு, அதாவது கடை இனி ஈட்டும் பணத்தின் இன்றைய மதிப்பு, 8,100 என்று கோப்பு சொன்னது. எதிரே கணக்கில் இருந்தது குத்தகைச் சொத்து 2,952, இன்டீரியர் 2,400, ஆக 5,352. 2,748 மிச்சம், கவலையில்லை என்று மூடிவைத்திருந்தார்கள்.

8,100 எப்படி வந்தது என்று வரிவரியாகப் பார்த்தோம். எட்டு வருட வருமானம் இருந்தது, வாடகை இல்லவே இல்லை. வாடகையை எடுத்துவிட்டதற்குக் காரணம் இருக்கிறது: அது ஏற்கெனவே குத்தகைப் பொறுப்பில் கடனாக உட்கார்ந்திருக்கிறது, மறுபடி கழித்தால் இரட்டிப்பாகும். ஆனால் இவர்கள் பொறுப்பில் 2026 வரையிலான வாடகைதான் இருக்கிறது. 2027 முதல் 2031 வரையிலான ஐந்து வருட வாடகை பொறுப்பிலும் இல்லை, பணவரவுக் கணக்கிலும் இல்லை. ஐந்து வருடம் வாடகையே கட்டாமல் கடை நடத்துகிறார்கள்.

அந்தக் கோப்பு பயன்படுத்திய 10% வீதத்திலேயே அந்த ஐந்து வாடகையின் இன்றைய மதிப்பு 3,418. கழித்தால் 4,682 மிஞ்சும். சொத்து 5,352, குறைவு 670. சரி, காலத்தை நீட்டிவிட்டுப் பார்த்தால்? வாடகை முழுவதும் பொறுப்புக்குள் வந்துவிடும், பயன்பாட்டு மதிப்பு 8,100-ஆகவே இருக்கும், சொத்து 6,442-உம் 2,400-உம் சேர்ந்து 8,842. குறைவு 742. எந்த வழியில் போனாலும் கடை 17-க்கு மதிப்புக் குறைவு இருக்கிறது. இரண்டு எண்களும் சரியாகப் பொருந்தாததற்கு, வட்டி வீதங்கள் வேறுபடுவதும், பொறுப்பு குறையும் வேகத்தில் சொத்து தேயாததும் சேர்ந்துதான் காரணம். வாடகை முழுவதையும் கடன்போல ஒதுக்கிவிட்டால் சோதனை வீதமும் அதற்கேற்ப இறங்க வேண்டும் என்பது உண்மைதான். அதைத் தனியாக ஆராய்ந்தோம், கடைசியில் ஒப்புக்கொண்ட குறைவு 742-ஐவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது.

நிதித்துறைத் தலைவர் விடவில்லை. "கடை நஷ்டத்துல ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நாங்க புதுப்பிக்க மாட்டோம்தானே? காலம் அஞ்சு வருஷம்னே இருக்கட்டும்."

நான் இந்தத் தணிக்கையில் கேட்டதிலேயே நல்ல வாதம் அது. ஒரு நிமிடம் யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கடையின் வருமானம் குறைந்தது சந்தையால். சந்தை மாறியது என்பதற்காகக் குத்தகைக் காலத்தைத் திறந்து பார்க்க விதி அனுமதிப்பதில்லை. நிறுவனமே ஏதாவது செய்திருக்க வேண்டும், அல்லது முடிவெடுத்திருக்க வேண்டும். கடையை மூடுவதாக இயக்குநர் குழு தீர்மானம் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அதுவரை பத்து வருடம்தான், மதிப்புக் குறைவும் தனியாக நிற்கும்.

அடுத்த வருட வேலைக்குப் போனபோது முதலில் கேட்டு வாங்கியது இயக்குநர் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள். ஏப்ரல் கூட்டத்தில், 2026-க்கு மேல் கடை 17-ஐப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானம் இருந்தது. பதிவேட்டைத் திறந்தோம். முடிவுத் தேதி 2026 டிசம்பர் 31 என்று மாறியிருந்தது, மறுமதிப்பீட்டுத் தேதி ஏப்ரல், வட்டியும் அன்றைய தேதிக்குப் புதிது. பக்கத்திலேயே நிலையான சொத்துப் பதிவேட்டையும் திறந்தோம். இன்டீரியரின் ஆயுள் இன்னும் 2031 என்றே இருந்தது.